சின்ன ஆஸ்பத்திரி பயோமெடிக்கல் ஆட்களுக்கு மாசம் ஒரு ஆன்லைன் மீட்டிங்: நாங்க நடத்துற முறை

ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் 50 பெட்ல இருந்து 150 பெட் வரைக்கும் இருக்கிற ஆஸ்பத்திரிகள்ல பயோமெடிக்கல் டிபார்ட்மெண்ட்னு போய்ப் பாத்தா பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான் இருப்பாங்க. வென்டிலேட்டர், மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப், ஆட்டோகிளேவ், டயாலிசிஸ் மெஷின், ஓ.டி. லைட், எல்லாம் அந்த ஒருத்தர் தலையிலதான். பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரின்னா பக்கத்து டேபிள்ல ஒரு சீனியர் இருப்பாரு, "அண்ணா இத ஒரு தடவ பாருங்களேன்"னு கூப்பிடலாம். நமக்கு அது கிடையாது. கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் கோயம்புத்தூர்ல இருந்தோ சென்னைல இருந்தோ வரணும், ஏஎம்சின்ற வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம் முடிஞ்ச மெஷின்னா விசிட் சார்ஜ் கேட்டாலே மேனேஜ்மெண்ட் முகம் மாறிடும்.

இந்த மாதிரி ஒத்தையா வேல பாக்கிற ஆட்கள் சேந்து மாசம் ஒருதடவ ஆன்லைன்ல உக்காந்து ஒரே ஒரு கேஸ் பேசுறதுக்குன்னு ஒரு சின்ன குரூப் நடத்திட்டு இருக்கோம். அத எப்படி ஆரம்பிச்சோம், எது ஓடுது, எங்க மாட்டுதுன்னு எழுதி வைக்கிறேன். வேற தொழில்ல இருக்கிறவங்க, லேப் டெக்னீஷியனோ லிஃப்ட் மெக்கானிக்கோ, இதே மாதிரி ஒன்னு ஆரம்பிக்க நெனச்சா பாதி விஷயம் அப்படியே எடுத்துக்கலாம்.

பயோமெடிக்கல் ஆட்களுக்கு வாட்ஸ்அப் குரூப் ஏற்கனவே இருக்கு. வாட்ஸ்அப்ல ஒரு குரூப்புக்கு 1024 பேர் வரைக்கும் சேக்கலாம், கிட்டத்தட்ட நிரம்பி வழியிற குரூப் ரெண்டு மூனுல நானே இருக்கேன். அங்க என்ன நடக்கும்னா, வேகன்சி வரும், பழைய மெஷின் விக்கிறவங்க போட்டோ போடுவாங்க, "இந்த மாடல் சர்வீஸ் மேனுவல் இருக்கா"ன்னு ஒருத்தர் கேப்பாரு, ஒரு மணி நேரத்துல அது மேல போயிடும், யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. அது வேலைக்கு ஆகாதுன்னு சொல்லல, ஸ்பேர் தேட அதுதான் வழி. ஆனா ஒரு மெஷின் ஏன் அப்படி நடந்துக்குதுன்னு உக்காந்து யோசிக்கிறதுக்கு அங்க இடம் இல்ல. ஆயிரம் பேர் முன்னாடி "எனக்கு இது புரியல"ன்னு எந்த டெக்னீஷியன் டைப் பண்ணுவாரு?

அதனால முதல்ல முடிவு பண்ணினது யார் உள்ள, யார் வெளியன்றதுதான். இது கொஞ்சம் கறாரா இருக்கணும்னு எனக்கு ஆரம்பத்துலயே தோனுச்சு. நாங்க வச்ச வரம்பு ஒரே வரி: ஆஸ்பத்திரி சம்பளத்துல இருக்கணும், மெஷின தன் கையால திறக்கிறவரா இருக்கணும். பி.இ. படிச்சாரா டிப்ளமாவா ஐ.டி.ஐ.யான்னு கேக்குறதில்ல. வெண்டர் கம்பெனி ஆளுங்க கிடையாது, டீலர் கிடையாது, கன்சல்டன்ட் கிடையாது. இதுல ஒரு சங்கடம் இருக்கு, கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர்கள்ல ரொம்ப நல்லவங்க இருக்காங்க, அவங்களுக்குத் தெரிஞ்சதுல பாதிகூட நமக்குத் தெரியாது. ஆனா அவர் உள்ள இருந்தா அவங்க கம்பெனி மெஷின் பத்தி யாரும் வாயத் திறக்க மாட்டாங்க, அடுத்த ஏஎம்சி பேரம் பேசுறப்ப நீ சொன்னது அங்க போய் நிக்குமோன்ற பயம் இருக்கும். அதுக்கு ஒரு வழி வச்சிருக்கோம். ஒரு குறிப்பிட்ட கேஸுக்கு அவங்க உதவி வேணும்னா அந்த ஒரு மீட்டிங்குக்கு விருந்தாளியா கூப்பிடுவோம், கேஸ் கொண்டு வர்றவர் சரின்னு சொன்னா மட்டும், அதுவும் கடைசி இருபது நிமிஷத்துக்கு. வாட்ஸ்அப் குரூப்ல சேக்குறதில்ல.

ஆள் சேத்தது லிங்க் போட்டு இல்ல. லிங்க் போட்டா ஒரே நாள்ல நூறு பேர் வருவாங்க, அதுல முக்கால்வாசி பேர் ஏன் வந்தோம்னே தெரியாம வந்திருப்பாங்க. முன்னாடி கூட வேல பாத்தவங்க, காலேஜ்ல கூட படிச்சவங்க, ஆஸ்பத்திரித் தரத்துக்கான என்.ஏ.பி.எச். ஆடிட் சமயத்துல கேலிப்ரேஷன் சர்டிபிகேட் சந்தேகத்துக்கு போன் பண்ணிப் பழக்கமானவங்கன்னு பத்துப் பேருக்குள்ள ஆளுக்கு ஒரு போன் போட்டேன். போன்ல கேட்டது ஒரே கேள்வி: "இந்த ஆறு மாசத்துல உங்கள ரொம்ப நேரம் உக்கார வச்ச மெஷின் எது?" பதில் சொல்ல ஆரம்பிச்சு நிறுத்த முடியாம பேசுறவர் நமக்கு வேண்டிய ஆள். "எல்லாம் நல்லாத்தாங்க ஓடுது"ன்றவரு நல்ல மனுஷனா இருக்கலாம், ஆனா மாசம் ஒரு மணி நேரம் இதுக்குன்னு ஒதுக்க மாட்டாரு. அப்படி வந்தவங்கதான் ஆளுக்கு ஒன்னு ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தாங்க. இப்ப முப்பதச் சொச்சம் பேர் இருக்கோம், அட்மின் ஒப்புதல் இல்லாம யாரும் உள்ள வர முடியாத மாதிரி செட்டிங் போட்டிருக்கோம். ஒருத்தரச் சேக்கணும்னா உள்ள இருக்கிற ஒருத்தர் அவர நேர்ல தெரியும்னு சொல்லணும்.

நாப்பதத் தாண்டக் கூடாதுன்னு ஒரு எண்ணம். மீட்டிங்குக்கு வர்றவங்க எப்பவும் மொத்தத்துல மூனுல ஒரு பங்குதான், ஏன்னா பாதிப் பேர் டூட்டில இருப்பாங்க. பத்துப் பன்னெண்டு பேர் இருந்தா எல்லாரும் மைக்க ஆன்ல வச்சே பேசலாம். இருபதத் தாண்டினா ம்யூட், கை தூக்குறது, அட்மின் பேர் சொல்லிக் கூப்பிடுறதுன்னு கிளாஸ்ரூம் மாதிரி ஆயிடும், அப்புறம் ரெண்டு பேர் பேசுவாங்க மத்தவங்க கேப்பாங்க.

நேரத்துக்கு வருவோம். கூகுள் மீட் ஃப்ரீ அக்கவுன்ட்ல மூனு பேரோ அதுக்கு மேலயோ சேந்தா 60 நிமிஷத்துல கட் ஆயிடும், ஜூம் ஃப்ரீன்னா 40 நிமிஷம். பலபேரு கட் ஆனதும் திரும்ப அதே லிங்க்ல வாங்கன்னு ஓட்டுவாங்க. நாங்க அந்த 60 நிமிஷத்தையே எல்லையா எடுத்துக்கிட்டோம், காசு கட்டி நீட்ட வேணாம்னு. ராத்திரி 8.30க்கு ஆரம்பிச்சா 9.30க்கு தானா முடிஞ்சிடும்னு வீட்ல சொல்ல முடியும், அது பெரிய விஷயம். கிழம வியாழக்கிழம. திங்கக்கிழம ஞாயித்துக்கிழமை சேந்த பிரேக்டவுன் எல்லாம் வந்து நிக்கும், சனிக்கிழம பாதிப் பேர் ஊருக்குப் போவாங்க. மாசத்துல ரெண்டாவது வியாழன்னு நிலையா வச்சாச்சு, "இந்த மாசம் எப்ப வைக்கலாம்"னு போல் போடுறதே கிடையாது. போல் போட்டா நாலு பேர் நாலு நாள் சொல்வாங்க, கடைசில அந்த மாசம் மீட்டிங்கே நடக்காது, இத வேற குரூப்ல கண்ணால பாத்திருக்கேன்.

இப்ப முக்கியமான விஷயம், இதுக்காகத்தான் இவ்ளோ எழுதுறேன். மீட்டிங் நல்லா போகுமா போகாதான்னு தீர்மானமாகுறது மீட்டிங்ல இல்ல, அதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி கேஸ் கொண்டு வர்றவர்கிட்ட நான் பேசுற ஒரு போன்ல. இருபது நிமிஷம் ஆகும், சில சமயம் முக்கா மணி நேரம். இந்தப் போன் இல்லாம "யார் வேணா வந்து பேசலாம்"னு திறந்து விட்டா முதல் மாசம் ஆர்வத்துல ஓடும், ரெண்டாவது மாசம் பொதுவா சம்பளம், மேனேஜ்மெண்ட், மரியாத இல்லன்னு பேச்சு போகும். அதெல்லாம் பேச வேண்டியதுதான், நியாயமான வலி. ஆனா அதுக்காக யாரும் மூனாவது மாசம் வர மாட்டாங்க.

ஒரு கேஸ முழுசாச் சொல்றேன். 2021 கோவிட் ரெண்டாவது அலையப்ப எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வந்துச்சு, வாங்கினது பாதி, டொனேஷன்ல வந்தது பாதி. அல முடிஞ்சதும் அதெல்லாம் ஸ்டோர்ல போய் உக்காந்துடுச்சு. நம்ம குரூப்ல ஒரு தம்பி, 80 பெட் ஆஸ்பத்திரி, ஸ்டோர்ல இருந்து ஆறு மெஷின எடுத்து வார்டுக்குக் கொடுக்கணும்னு மேனேஜ்மெண்ட் சொல்லியிருக்காங்க. ஆன் பண்ணா எல்லாத்துலயும் லோ ஆக்சிஜன் லைட் எரியுது. அவர் முடிவே பண்ணிட்டாரு: "ஸீவ் பெட் போச்சுங்க, ஆறும் ஸ்கிராப்தான், இத எப்படி மேனேஜ்மெண்ட்ல சொல்றதுன்னு பேசலாமா?"

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. கான்சன்ட்ரேட்டர் உள்ள ஜியோலைட்னு ஒரு குருண அடைச்ச ரெண்டு சிலிண்டர் இருக்கும், அதுதான் ஸீவ் பெட். கம்ப்ரசர் காத்த அதுக்குள்ள அழுத்துறப்ப ஜியோலைட் நைட்ரஜன பிடிச்சு வச்சுக்கும், ஆக்சிஜன் வெளிய வரும். சில செகண்ட்ல வால்வு மாறி அடுத்த பெட் வேல செய்யும், முதல் பெட் பிடிச்ச நைட்ரஜன வெளிய ஊதித் தள்ளும். நல்ல மெஷின்னா 90 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன் வரணும். ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது, ஈரத்த இழுத்துக்கிட்டா நைட்ரஜன பிடிக்கிற சக்தி போயிடும், ஓட்டாம ஸ்டோர்ல மாசக்கணக்கா வச்சா அதுதான் நடக்கும். அதனால அந்தத் தம்பி சொன்னது நடக்கவே நடக்காததுன்னு இல்ல, நடக்க வாய்ப்பு நெறைய.

போன்ல நான் கேட்டது சின்னச் சின்னக் கேள்விதான். அனலைசர் வச்சு அளந்தீங்களா, இல்ல லைட்ட மட்டும் பாத்தீங்களா? அளந்தேங்க, 70 சொச்சம். ஆன் பண்ணி எவ்ளோ நேரம் கழிச்சு? ரெண்டு நிமிஷம் இருக்கும். ஹியூமிடிஃபையர் பாட்டில கழட்டிட்டு அளந்தீங்களா? இல்ல. எந்த ஃப்ளோவுல? 5 லிட்டர்ல. 2 லிட்டர்ல? அளக்கல. உள்ள போற காத்து ஃபில்டர் மாத்துனீங்களா? வெளி ஃபில்டர் தட்டினேன், உள் ஃபில்டர் பாக்கல.

எனக்கும் அந்த மெஷினப் பத்திப் பெருசா ஒன்னும் தெரியாது, சொல்யூஷன் நான் சொல்லல. "இந்த நாலையும் அளந்து ஒரு பேப்பர்ல எழுதி அத போட்டோ எடுத்து வச்சுக்கங்க, வியாழக்கிழம அதுல இருந்து ஆரம்பிக்கலாம்"னு மட்டும் சொன்னேன். மெஷின் சூடாகி நிலைக்கு வர நேரம் வேணும், கால் மணி நேரமாவது ஓடவிட்டு அளந்தாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம் இருக்கு.

வியாழக்கிழம அவர் வந்தப்ப கையில ஆறு மெஷினுக்கும் ஒரு டேபிள் இருந்துச்சு. ரெண்டு மெஷின் கால் மணி நேரம் ஓடினதும் 90க்கு மேல ஏறிடுச்சு, அந்த ரெண்டும் அப்பவே தீந்துச்சு. மூனு மெஷின்ல 2 லிட்டர்ல 90கிட்ட, 5 லிட்டருக்கு ஏத்தினா 75க்கு இறங்குது. ஒன்னு எந்த ஃப்ளோவுலயும் 60ஐத் தாண்டல. இந்த டேபிள ஸ்கிரீன்ல போட்டதும் பேச்சே வேற மாதிரி ஆச்சு. "ஸ்கிராப்பா இல்லையா"ன்ற கேள்வி போய், கம்மி ஃப்ளோவுல நல்லா இருந்து அதிக ஃப்ளோவுல விழுந்தா அதுக்கு என்னென்ன காரணம் இருக்கலாம்னு ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சாங்க. ஸீவ் பாதி போயிருக்கலாம், கம்ப்ரசர் அழுத்தம் கொறஞ்சிருக்கலாம், உள் ஃபில்டர் அடைச்சு காத்தே பத்தாம இருக்கலாம், எங்கயாவது ட்யூப் லீக் இருக்கலாம். இதுல எத முதல்ல பாக்கணும்? செலவு இல்லாதத முதல்ல. ஃபில்டர் மாத்து, சோப்புத் தண்ணிய ஜாயிண்ட்ல தடவி நுர வருதான்னு பாரு, அப்புறம் கம்ப்ரசர் அழுத்தம், கடைசியாத்தான் ஸீவ். அந்த வரிசைய அவர் எழுதிக்கிட்டாரு. அடுத்த வாரம் வந்த பதில், மூனுல ஒன்னு ஃபில்டர் மாத்தினதும் சரி, இன்னொன்னுல ஹோஸ் கிளாம்ப்கிட்ட லீக், மூனாவதுக்கும் அந்த 60ஐத் தாண்டாததுக்கும் ஸீவ்தான் போயிருந்துச்சு. ஆறும் ஸ்கிராப்னு சொன்னதுல நாலு வார்டுக்குப் போச்சு.

அந்த டேபிள் வந்தது போன்லதான். அது இல்லாம நேரா மீட்டிங்குக்கு வந்திருந்தா முதல் அர மணி நேரம் "எவ்ளோ நேரம் கழிச்சு அளந்தீங்க"ன்னு பத்துப் பேர் அவரக் குறுக்கு விசாரண பண்ணியிருப்பாங்க, அவர் கூனிக் குறுகிப் போயிருப்பாரு, அடுத்த கேஸ் அவர்கிட்ட இருந்து எப்பவும் வராது. அடிப்படைக் கேள்விய எல்லாம் தனியாக் கேட்டு முடிச்சிடணும், கூட்டத்துல கேக்க வேண்டியது அவருக்கும் பதில் தெரியாத கேள்வி மட்டும்.

இதே மீட்டிங்ல இன்னொரு விஷயம் நடந்துச்சு. முடிஞ்ச பிறகு பத்து மணிக்கு எனக்குத் தனியா ஒரு வாய்ஸ் நோட். குரூப்ல மூத்தவர், டிப்ளமா, முப்பது வருஷம் ஒரே ஆஸ்பத்திரி, மீட்டிங் முழுக்க ஒரு வார்த்த பேசல. "தம்பி, அந்த மெஷின் ஊதுற சத்தத்தக் கேக்கச் சொல்லுங்க. ரெண்டு பெட்டும் மாறி மாறி ஊதுறப்ப சத்தம் ஒரே மாதிரி, ஒரே இடைவெளில வரணும். ஒன்னு பலமா ஒன்னு மெலிசா வந்தா வால்வு ஒழுங்கா மாறலன்னு அர்த்தம், ஸீவ மாத்தினாலும் திரும்பப் போயிடும்." அந்த ஒரு மணி நேரத்துல யாரும் சொல்லாத விஷயம் இது. ஏன் அங்கயே சொல்லலன்னா, பி.இ. படிச்ச பசங்க இங்கிலீஷ்ல ப்ரெஷர் ஸ்விங்னு பேசுற இடத்துல நம்ம என்னத்தச் சொல்றதுன்னு விட்டுட்டாரு.

அதுல இருந்து ரெண்டு பழக்கம் வந்துச்சு. ஒன்னு, கேஸோட ஒரு பக்கச் சுருக்கத்த மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடியே குரூப்ல போட்டுடுவோம், தமிழ்ல, கூட மெஷின் ஓடுற வீடியோவும். பேசக் கூச்சப்படுறவங்க முன்னாடியே எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பலாம், அத அவங்க பேரோட மீட்டிங்ல நான் போட்டுக் காட்டுவேன். அண்ணன் குரல எல்லாரும் கேட்ட அடுத்த மாசமே அவரே மைக் ஆன் பண்ணிட்டாரு. ரெண்டாவது, வீடியோவ மீட்டிங்ல லைவா காட்டுறத நம்புறதில்ல. போனும் சரி வீடியோ கால் ஆப்ஸும் சரி, மனுஷக் குரல மட்டும் வச்சுக்கிட்டு தொடர்ந்து வர்ற இரைச்சல வெட்டிடப் பாக்கும், நமக்கோ அந்த இரைச்சல்தான் வேணும். கம்ப்ரசர் சத்தம், பம்ப் மோட்டார் உரசுறது, வால்வு டிக் டிக், எல்லாம் போன் கேமரால முன்னாடியே ரெக்கார்டு பண்ணி வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா அனுப்பணும். சாதாரணமா அனுப்பினா கம்ப்ரஸ் ஆகி போர்டுல எழுதியிருக்கிற பார்ட் நம்பர்கூட படிக்க முடியாது.

மீட்டிங்க ரெக்கார்டு பண்றதில்ல. ஆஸ்பத்திரி வேலன்றதால இது பேச்சே இல்ல, ரெக்கார்டுன்னு சிவப்புப் புள்ளி எரிஞ்சா யாரும் "எங்க ஆஸ்பத்திரில இப்படி ஆயிடுச்சு"ன்னு சொல்ல மாட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு கூகுள் ஷீட். கேஸுக்கு ஒரு வரி: தேதி, மெஷின் வகை, கொண்டு வந்தவர், என்ன அறிகுறி, என்ன அளந்தோம், கடைசில காரணம் என்ன, என்ன ஸ்பேர். "கடைசில காரணம் என்ன"ன்ற கட்டத்த நிரப்புறதுதான் கஷ்டம், ஏன்னா மீட்டிங் முடியிறப்ப அது தெரிஞ்சிருக்காது. ரெண்டு மூனு வாரம் கழிச்சு அவர்கிட்ட திரும்பக் கேட்டு எழுதணும், இத விட்டா ஷீட் முழுக்க பாதிக் கத பாதிக் கதயா நிக்கும். அடுத்த மீட்டிங்கோட முதல் அஞ்சு நிமிஷம் போன கேஸ் என்ன ஆச்சுன்றதுக்குத்தான், அத யாரும் மிஸ் பண்ண விரும்புறதில்ல, லேட்டா வர்றதும் அதனாலயே கொறஞ்சிருக்கு.

அந்த ஷீட்ல ஓரமா, C இல்லாத வேற ஒரு காலம்ல ஒரு ஃபார்முலா போட்டிருக்கேன். கொண்டு வந்தவர் பேர் C காலம்ல இருக்கு.

```
=COUNTUNIQUE(C2:C)
```

இதுவரைக்கும் எத்தன தனித்தனி ஆட்கள் கேஸ் கொண்டு வந்திருக்காங்கன்னு சொல்லும். எத்தன பேர் மீட்டிங்குக்கு வந்தாங்கன்றத விட இந்த நம்பரத்தான் நான் பாப்பேன். வருகை நல்லாவே இருக்கும், ஆனா இந்த நம்பர் ரெண்டு மூனு மாசம் நகராம நின்னா, அதே நாலு பேர்தான் திரும்பத் திரும்ப பேசுறாங்கன்னு அர்த்தம், மத்தவங்க கேக்க மட்டும் வர்றாங்க. அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் வேல மாறினா கூட்டம் முடிஞ்சிடும். நம்பர் நின்னா நான் செய்யிறது இதுதான், இன்னும் கேஸ் கொண்டு வராத ஆள்ல ஒருத்தருக்குப் போன் போட்டு அந்தப் பழைய கேள்வியத் திரும்பக் கேக்குறது. குரூப்ல பொதுவா "யாராவது அடுத்த கேஸ் கொண்டு வாங்க"ன்னு போட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க, பேர் சொல்லிக் கூப்பிட்டா அநேகமா யாரும் மறுக்கிறதில்ல.

சில விஷயம் கண்டிப்பா வச்சிருக்கோம். மானிட்டர் ஸ்கிரீன் போட்டோ போட்டா பேஷன்ட் பேர், ஐடி, பெட் நம்பர் தெரியக்கூடாது, ஒரு சின்ன பிளாஸ்டர் டேப்ப ஸ்கிரீன் மூலைல ஒட்டிட்டு எடுத்தா எடிட் பண்ற வேலையே இல்ல. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2023ல சட்டமே வந்தாச்சு, அது இல்லன்னாலும் ஒரு நோயாளியோட பேர் நம்ம வாட்ஸ்அப்ல சுத்துறது சரியில்ல. மெஷின் மாடலும் சாஃப்ட்வேர் வெர்ஷனும் சொல்லலாம், சீரியல் நம்பர் வேணாம், அத வச்சு எந்த ஆஸ்பத்திரின்னு கம்பெனி கண்டுபிடிச்சிடும். சர்வீஸ் மோடு பாஸ்வேர்டு குரூப்ல போடக்கூடாது. இதுக்கு சண்ட வந்திருக்கு, "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே"ன்னு. தெரிஞ்சதுதான், ஆனா அனலைசர் கையில இல்லாத ஒருத்தர் ராத்திரி நேரத்துல உள்ள போய் இன்ஃப்யூஷன் பம்ப் கேலிப்ரேஷன மாத்தி வச்சா மருந்து அளவு மாறும், அலாரம்கூட வராது. அந்தப் பொறுப்ப குரூப் எடுத்துக்க முடியாது.

இன்னொன்னு, மெஷினால நோயாளிக்குப் பாதிப்பு ஆன கேஸ்னா அது முதல்ல எங்ககிட்ட வரக்கூடாது. மெஷின அப்படியே ஓரமா எடுத்து வைக்கணும், செட்டிங் எதையும் தொடக்கூடாது, ஆஸ்பத்திரில சொல்லி, மெடிக்கல் மெஷினால வர்ற பாதிப்பக் கண்காணிக்கிற மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு ரிப்போர்ட் போகணும். 2015ல இருந்து இந்தியால அந்தத் திட்டம் இருக்கு, காசியாபாத்ல இருக்கிற இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன்தான் ஒருங்கிணைக்குது, ஆனா சின்ன ஆஸ்பத்திரில பாதிப் பேர் அப்படி ஒன்னு கேள்விப்பட்டதே இல்லன்னு எங்க குரூப்லதான் தெரிஞ்சுச்சு. ஒரு மாசம் கேஸ் இல்லாம அந்த ஃபார்ம எப்படி நிரப்புறதுன்னே முழு மீட்டிங்கும் உக்காந்தோம், ரொம்ப பிரயோஜனமா இருந்துச்சு.

நடுவுல வாட்ஸ்அப் குரூப் எப்படி இருக்குன்னா, கிட்டத்தட்ட அமைதியா. குட்மார்னிங், பண்டிக வாழ்த்து, ஃபார்வர்டு எதுவும் இல்ல, அத முதல் நாளே சொல்லிட்டதால யாருக்கும் வருத்தமில்ல. அவசர பிரேக்டவுனுக்கு மட்டும் எப்ப வேணா கேக்கலாம். ஆனா "வென்டிலேட்டர் எரர், ஹெல்ப்"னு போட்டா பதில் வராது. மாடல், எரர் கோடு எழுத்துக்கு எழுத்து அப்படியே, எப்ப ஆரம்பிச்சுது, பேஷன்ட் மேல இருக்கா இல்ல கழட்டியாச்சா, இவ்ளோவும் ஒரே மெசேஜ்ல. கடைசிக் கேள்விக்கு பேஷன்ட் மேல இருக்குன்னு பதில் வந்தா நாங்க சொல்றது ஒன்னுதான், முதல்ல வேற மெஷினுக்கு மாத்துங்க, அப்புறம் பேசுவோம்.

வெண்டர் தொல்ல ஒருதடவ வந்துச்சு. உள்ள இருந்த ஒருத்தர் ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு ஒரு டீலர்கிட்ட சேந்துட்டாரு. நல்ல பழக்கம், மூனு கேஸ் கொண்டு வந்தவரு. அவர வெளிய போகச் சொல்றது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, ஆனா வரம்பு முதல்லயே எழுதி வச்சிருந்ததால தனியாப் பேசினப்ப அவரே "ஆமாங்க, நானே சொல்லலாம்னு இருந்தேன்"னு விலகிக்கிட்டாரு. இப்ப விருந்தாளியா ரெண்டு தடவ வந்திருக்காரு. எழுதி வைக்காம இருந்திருந்தா அது அவர் மேல சொன்ன குத்தமாத் தெரிஞ்சிருக்கும்.

இப்ப நடக்குற வேல கைமாத்துறது. ஷீட், மீட் லிங்க், கேலண்டர் எல்லாம் யாரோட சொந்த மெயில்லயும் இல்லாம குரூப்புக்குன்னு ஒரு தனி ஜிமெயில்ல இருக்கு, அதோட பாஸ்வேர்டு ரெண்டு பேர்கிட்ட இருக்கு, அது சுலபம். கஷ்டம் அந்த முன்கூட்டிய போன். அத இன்னொருத்தர் பண்ணாத்தான் நான் இல்லாம இது ஓடும். கரூர்ல இருக்கிற ஒரு அக்கா, டயாலிசிஸ் மெஷின்ல கை தேர்ந்தவங்க, அவங்க ரெண்டு கேஸுக்கு என்கூட கான்ஃபரன்ஸ் கால்ல உக்காந்து கேட்டாங்க. அடுத்த மாசம் ஒரு ஆட்டோகிளேவ், கதவு கேஸ்கெட் மாத்தியும் பிரஷர் நிக்கல, இண்டிகேட்டர் டேப் மட்டும் ஒழுங்கா கலர் மாறுது. அந்தக் கேஸுக்கு போன் அவங்கதான் பண்றாங்க, நான் கேக்க மட்டும் உக்காரப் போறேன்.